பாடநூல் பத்தியைச் சொந்த நடையில் எழுதுவது எப்படி: சொல் மாறவும் பொருள் மாறாமலும்

"அப்படியே எடுத்து எழுதாதே, சொந்த நடையில் எழுது" என்ற அறிவுரையைக் கேட்காத மாணவர் இருக்க முடியாது. ஆனால் சொந்த நடை என்றால் என்ன என்பதை யாரும் அநேகமாக விளக்குவதில்லை. அதனால் பலர் தாமாகவே ஒரு பொருளை ஊகித்துக்கொள்கிறார்கள்: பாடநூல் வாக்கியத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் வேறொரு சொல்லைப் போட வேண்டும், முடிந்தால் வாக்கியத்தின் முன்பாதியையும் பின்பாதியையும் இடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். இந்த ஊகம் இரண்டு வகையில் தவறானது. இப்படிச் செய்த எழுத்து பெரும்பாலும் திருட்டு என்றே கருதப்படும். அதோடு, மூலம் சொன்ன பொருளும் அதில் சிதைந்திருக்கும்.

இந்த இரண்டு குறைகளும் வெவ்வேறு காரணங்களால் வருபவை என்று எண்ணத் தோன்றும். மூலத்தை ஒட்டியே எழுதினால் திருட்டாகும், விலகி எழுதினால் பிழையாகும், ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சிலர் சொல்வதும் உண்டு. என் கருத்தில் அது சரியன்று. மூலத்தின் பொருளை மனத்தில் வாங்காமல் அதன் சொற்களோடு மட்டும் வேலை செய்வதுதான் பெரும்பாலான இடங்களில் இரண்டு குறைகளுக்கும் பொதுவான காரணம். அது எப்படி என்பதை ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு இக்கட்டுரை படிப்படியாகக் காட்டுகிறது.

## நாம் தினமும் செய்யும் ஒன்று

மருத்துவர் ஒருவர் நோயாளியின் துணைக்கு வந்தவரிடம் சில விவரங்களைச் சொல்கிறார். எந்த மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை நாள், காய்ச்சல் தணியாவிட்டால் மட்டும் எதைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பவை அவை. துணைக்கு வந்தவர் வீட்டுக்குத் திரும்பி, நோயாளியைக் கவனித்துக்கொள்ளப் போகிறவரிடம் அதைச் சொல்கிறார். அவர் மருத்துவரின் வாக்கியங்களை ஒப்பிப்பதில்லை. தான் விளங்கிக்கொண்டதைத் தன் பேச்சில், கேட்பவருக்கு எது முதலில் தேவையோ அதிலிருந்து தொடங்கிச் சொல்கிறார்.

அப்படிச் சொல்லும்போது மூன்று விஷயங்களை அவர் மாற்றுவதில்லை. மாத்திரையின் பெயருக்கு ஒத்த பொருளுள்ள வேறு பெயரை அவர் தேடுவதில்லை. "காய்ச்சல் தணியாவிட்டால் மட்டும்" என்ற நிபந்தனையை விட்டுவிடுவதில்லை. இது தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொள்வதுமில்லை. "டாக்டர் சொன்னார்" என்றே சொல்கிறார். நல்ல மீளெழுத்தில் இருக்க வேண்டிய அனைத்தும் இந்தச் சிறு செயலில் இருக்கின்றன: நடை சொல்பவருடையது, பெயர்களும் அளவுகளும் நிபந்தனைகளும் மூலத்துக்குரியவை, கருத்து யாருடையது என்பது வெளிப்படை.

இவ்வளவு இயல்பாகப் பேச்சில் வருவது எழுத்தில் வராமல் போவதற்குக் காரணம், எழுதும்போது மூலம் கண்முன்னே திறந்து கிடப்பதுதான். மருத்துவரின் வாக்கியங்கள் காற்றோடு போய்விட்டன. கேட்டவரிடம் பொருள் மட்டுமே எஞ்சியிருக்கிறது. பாடநூலின் வாக்கியமோ பக்கத்திலேயே இருக்கிறது, கண் திரும்பத் திரும்ப அதன் மேல் போகிறது, கை அதே வரிசையில் எழுதுகிறது.

## சில சொற்களின் பொருள்

தொடர்ந்து படிப்பதற்கு நான்கு சொற்கள் தேவை. மற்றொருவரின் சொற்களையோ கருத்தையோ அவரைக் குறிப்பிடாமல் நம்முடையவை போல முன்வைப்பது எழுத்துத் திருட்டு. மூலத்தின் சொற்களை எழுத்துப் பிசகாமல் மேற்கோள்குறிக்குள் தருவது நேர் மேற்கோள். ஒரு பகுதியின் முழுப் பொருளையும், ஏறத்தாழ அதே விரிவில், நம் வாக்கியங்களில் தருவது மீளெழுத்து. அந்தப் பகுதியின் சாரத்தை மட்டும் மிகச் சுருக்கித் தருவது சுருக்கம்.

இவற்றுள் நேர் மேற்கோள், மீளெழுத்து, சுருக்கம் மூன்றுக்குமே மூலத்தைக் குறிப்பிட வேண்டும். "சொற்களை மாற்றிவிட்டேன், இனி நூலின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை" என்பது மிகப் பரவலான தவறான எண்ணம். சொல்லை மாற்றினால் மேற்கோள்குறி தேவையற்றுப் போகிறது, அவ்வளவே. கருத்து எங்கிருந்து வந்தது என்பது மாறுவதில்லை. நீர் ஹைட்ரஜனாலும் ஆக்சிஜனாலும் ஆனது என்பது போல அந்தத் துறையில் எல்லாரும் அறிந்த பொது அறிவுக்கு மட்டும் மூலம் தேவைப்படாது. அப்படிப்பட்ட செய்தியையும்கூட ஒரு நூலின் வாக்கியத்தால் சொன்னால், அந்த வாக்கியம் அந்த நூலாசிரியருடையதுதான்.

## எடுத்துக்காட்டுப் பத்தி

கீழே உள்ள பத்தி பாடநூல் நடையில் இந்தக் கட்டுரைக்காக எழுதப்பட்டது. இதை ஒரு தாவரவியல் பாடநூலிலிருந்து எடுத்ததாகக் கருதிக்கொள்வோம்.

> தாவரங்கள் வேர்கள் வழியாக உறிஞ்சும் நீரில் மிகச் சிறிய பகுதியே அவற்றின் வளர்ச்சிக்குப் பயன்படுகிறது. எஞ்சிய பெரும்பகுதி இலைகளிலிருந்து நீராவியாக வெளியேறுகிறது. இந்நிகழ்வு நீராவிப்போக்கு எனப்படும். இது பெரும்பாலும் இலைத்துளைகள் வழியாகவே நடைபெறுகிறது. ஒவ்வொரு இலைத்துளையையும் சூழ்ந்துள்ள இரண்டு காப்புச் செல்கள் நீரை ஏற்று விறைப்படையும்போது துளை திறக்கிறது; நீரை இழந்து தளரும்போது மூடுகிறது. பெரும்பாலான தாவரங்களில் இலைத்துளைகள் பகலில் திறந்தும் இரவில் மூடியும் இருக்கும். மண்ணில் நீர் குறையும்போது இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் நீரிழப்பு குறைகிறது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே நுழைவதும் தடைபடுவதால் ஒளிச்சேர்க்கையின் வேகமும் குறையக்கூடும்.

இந்தப் பத்தியில் கடினமான சொற்கள் அதிகம் இல்லை. ஆயினும் "மிகச் சிறிய பகுதியே", "பெரும்பாலும்", "பெரும்பாலான", "குறையக்கூடும்" என்று நான்கு சிறு சொற்கள் வாக்கியங்களின் எல்லையைக் காட்டி நிற்கின்றன. அவசரமாகப் படிப்பவரின் கண்ணுக்கு இவை படுவதேயில்லை. பத்தியின் உண்மைத்தன்மை பெரும்பாலும் இவற்றைச் சார்ந்தே இருக்கிறது என்பதைப் பின்னால் காண்போம்.

## முதல் முயற்சி: சொல்லுக்குச் சொல்

பரவலாக நடக்கும் முறையில் இப்பத்தியின் முதல் பாதியை மாற்றினால் ஏறத்தாழ இப்படி வரும்:

> செடிகள் வேர்கள் மூலமாக ஈர்க்கும் தண்ணீரில் மிகக் குறைந்த அளவே அவற்றின் வளர்ச்சிக்கு உதவுகிறது. மீதமுள்ள பெரிய அளவு இலைகளில் இருந்து ஆவியாக வெளிப்படுகிறது. இச்செயல் ஆவியாதல் எனப்படும். இது அதிகமாக இலை ஓட்டைகள் மூலமாகவே நிகழ்கிறது. ஒவ்வொரு இலை ஓட்டையையும் சுற்றியுள்ள இரு பாதுகாப்பு அணுக்கள் நீரைப் பெற்றுக் கடினமாகும்போது ஓட்டை திறக்கிறது; நீரை விட்டுத் தளர்வாகும்போது மூடுகிறது.

முதலில் இது ஏன் திருட்டாகக் கருதப்படும் என்று பார்ப்போம். இரண்டு பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூலத்தின் ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் அதற்கு இணையான வாக்கியத்துக்கு ஒரு கோடு இழுத்தால், எந்தக் கோடும் மற்றொன்றை வெட்டாது. அரைப்புள்ளிகூட அதே இடத்தில் நிற்கிறது. எதை முதலில் சொல்வது, எதை எதனோடு சேர்ப்பது, எங்கே நிறுத்துவது என்ற முடிவுகள் யாவும் மூல ஆசிரியர் எடுத்தவை. எழுத்து என்பது சொற்களின் குவியல் மட்டுமன்று, இத்தகைய முடிவுகளின் தொடர் என்பதால், சொற்களை மாற்றிய பிறகும் இது அவருடைய எழுத்தாகவே இருக்கிறது.

எழுத்துக் கல்வி ஆய்வாளரான ரெபெக்கா மூர் ஹோவர்ட், 1990-களில் இந்த வகை எழுத்துக்குத் தனிப் பெயர் கொடுத்தார். மூலத்தில் சில சொற்களை நீக்குவது, இலக்கண அமைப்பைச் சற்றே மாற்றுவது, ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லாக ஒத்த சொல்லைப் போடுவது ஆகியவற்றால் உருவாகும் எழுத்து அது. தமிழில் ஒட்டுவேலை எழுத்து எனலாம். ஒரு துறைக்குப் புதிதாக வரும் மாணவர், இன்னும் முழுதாக விளங்காத ஒன்றை எழுத வேண்டிய நிலையில், ஏமாற்றும் நோக்கம் இல்லாமலே இதில் விழுகிறார் என்பது ஹோவர்டின் வாதம். அது உண்மை என்றே நினைக்கிறேன். ஆயினும் விடைத்தாளிலோ ஆய்வேட்டிலோ நோக்கம் தெரிவதில்லை, எழுத்து மட்டுமே தெரியும்.

அடுத்து, பொருள் என்னவாயிற்று என்று பார்ப்போம். "தாவரங்கள்" என்பது "செடிகள்" ஆனதும் மரங்களும் கொடிகளும் புற்களும் வெளியே போய்விட்டன. நீராவிப்போக்கு என்பது தாவரத்திலிருந்து நீர் ஆவியாக வெளியேறுவதற்கு உரிய பெயர். ஆவியாதல் என்பதோ நீர்ப்பரப்பு எதிலும் நடக்கும் பொதுவான நிகழ்ச்சி. காப்புச் செல்கள் "பாதுகாப்பு அணுக்கள்" ஆகியிருப்பதுதான் இவற்றுள் மிகப் பெரிய பிழை. உயிரணு என்றால் செல். வெறுமனே அணு என்றால் அறிவியலில் அது முற்றிலும் வேறு பொருள். விறைப்படைவது என்பது செல்லுக்குள் நீர் நிறைந்து அதன் சுவர் மேல் அழுத்தம் ஏற்படுவதைக் குறிக்கும், கடினமாவது அதுவன்று.

இவ்வாறு ஒரே செயல் இரண்டு தீங்கையும் ஒருசேர விளைவித்திருக்கிறது. மாற்றக்கூடாத கலைச்சொற்கள் மாறிவிட்டன. மாற்றியிருக்க வேண்டிய வாக்கிய அமைப்பும் வரிசையும் மாறாமல் நிற்கின்றன.

## இரண்டாம் முயற்சி: தாராளமாக விலகியது

மேற்சொன்ன குறையைக் கண்டு பயந்தவர்கள் எதிர்த்திசையில் போவதுண்டு. அவர்கள் பத்தியை ஒரு முறை படித்துவிட்டு, நினைவில் நின்றதை இப்படி எழுதுகிறார்கள்:

> தாவரங்கள் உறிஞ்சும் நீர் கிட்டத்தட்ட முழுவதும் இலைத்துளைகள் வழியே வீணாகிறது. பகலில் திறந்து இரவில் மூடும் இத்துளைகள், வறட்சிக் காலத்தில் மூடிக்கொண்டு தாவரத்தைக் காப்பாற்றுகின்றன. அப்போது ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகிறது.

இதில் மூலத்தின் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. படிக்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் மூலம் சொல்லாத நான்கு செய்திகள் உள்ளே வந்துவிட்டன.

நீர் "வீணாகிறது" என்று மூலம் கூறவில்லை. வெளியேறுகிறது என்றுதான் கூறியது. நீராவிப்போக்கு இலையைக் குளிரச் செய்கிறது, வேரிலிருந்து நீர் மேலேறுவதற்கான இழுவிசையையும் தருகிறது. ஆகவே வீண் என்ற மதிப்பீடு தவறானது. பகலில் திறந்து இரவில் மூடுவது "பெரும்பாலான" தாவரங்களின் இயல்பு. கள்ளி போன்ற சில தாவரங்கள் இரவில் இலைத்துளைகளைத் திறந்து பகலில் மூடிக்கொள்கின்றன. அந்த ஒரு சொல் விடுபட்டதால் ஓர் உண்மை பொய்யாகிவிட்டது. "மண்ணில் நீர் குறையும்போது" என்பது "வறட்சிக் காலத்தில்" ஆயிற்று. வறட்சி என்று யாரும் சொல்லாத ஒரு சாதாரண நாளிலும் மண்ணின் ஈரம் குறையலாம். கடைசியாக, "குறையக்கூடும்" என்பது "நின்றுவிடுகிறது" ஆனது. ஒரு வாய்ப்பு உறுதியாகவும், குறைவு முழு நிறுத்தமாகவும் மாறியிருக்கின்றன.

எழுதியவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. ஒரு முறை படித்ததும் மனத்தில் தங்குவது பத்தியின் போக்கு மட்டுமே. எல்லைகளும் நிபந்தனைகளும் தங்குவதில்லை. நினைவு எப்போதும் செய்தியைக் கூர்மையாக்கி, விதிவிலக்குகளை உதிர்த்துவிடுகிறது. அதனால்தான் புத்தகத்தை மூடிவிட்டு எழுதினால் போதும் என்ற அறிவுரை பாதி மட்டுமே சரி. மூடுவதற்கு முன் என்ன செய்தோம் என்பது அதைவிட முக்கியம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: முதல் முயற்சி பொருளை வாங்காமல் சொல்லைப் பற்றிக்கொண்டது, இரண்டாம் முயற்சி பொருளைப் பாதி வாங்கியதும் சொல்லை விட்டுவிட்டது. பொருளை முழுதாக வாங்குவதற்கு இடையில் ஒரு படி தேவைப்படுகிறது.

## இடையிலுள்ள படி: வாக்கியமல்லாத குறிப்பு

அந்தப் படி குறிப்பெடுப்பது. ஆனால் பலர் எடுக்கும் குறிப்பு, மூல வாக்கியத்தின் சற்றே குட்டையான பிரதியாக இருக்கிறது. அது மூலத்தின் நடையை அப்படியே உள்ளே கொண்டுவந்துவிடும். சில நாள் கழித்து அந்தக் குறிப்பைப் பார்க்கும்போது அது நூலின் வாக்கியமா, நாமே எழுதியதா என்றுகூடத் தெரியாது. கவனக்குறைவால் நேரும் திருட்டுகளில் பல இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

ஆகவே குறிப்பில் முழு வாக்கியம் இருக்கக் கூடாது. வினைமுற்றே வேண்டாம் என்று வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். பெயர்கள், அம்புக்குறிகள், நிபந்தனைகள் ஆகியவை மட்டும் போதும். ஏதேனும் ஒரு சொற்றொடரை அப்படியே எடுத்தால் குறிப்பிலேயே அதற்கு மேற்கோள்குறி இட வேண்டும், பக்க எண்ணையும் அங்கேயே எழுத வேண்டும். நம் பத்திக்கான குறிப்பு இப்படி அமையலாம்:

> வேர் நீர் → மிகச் சிறு பங்கு: வளர்ச்சி; மற்றதில் பெரும்பாலானது: இலை → ஆவி = நீராவிப்போக்கு
> வழி: இலைத்துளை (பெரும்பாலும், முழுக்க அல்ல)
> காப்புச் செல் 2: நீர் உள்ளே → விறைப்பு → திறப்பு, நீர் வெளியே → தளர்வு → மூடல்
> பகல் திறப்பு, இரவு மூடல்: பெரும்பாலான தாவரம் (எல்லாம் அல்ல)
> மண் நீர் குறைவு → மூடல் → (அ) நீரிழப்பு குறைவு (ஆ) கார்பன் டை ஆக்சைடு வரவு தடை → ஒளிச்சேர்க்கை வேகம் குறையலாம்

எல்லைச் சொற்களை அடைப்புக்குறிக்குள் எழுதி, அவற்றின் மறுபக்கத்தையும் சேர்த்திருப்பதைக் கவனிக்கலாம். "பெரும்பாலும்" என்று மட்டும் எழுதினால் கண் தாண்டிப் போய்விடும். "முழுக்க அல்ல" என்றும் சேர்த்தால் அது ஒரு செய்தியாகவே மனத்தில் பதியும். இரண்டாம் முயற்சியில் நேர்ந்த பிழைகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு பழக்கம் தடுத்துவிடும்.

இந்தக் குறிப்பை எழுத முடியாமல் எங்கேனும் தடுமாறினால், அந்த இடம் நமக்கு விளங்கவில்லை என்று பொருள். எடுத்துக்காட்டாக, நீர் உள்ளே வந்தால் துளை ஏன் திறக்க வேண்டும், வீங்கிய செல்கள் துளையை அடைத்துவிடாதா என்று ஒருவருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். காப்புச் செல்லில் துளையை நோக்கிய சுவர் தடித்தும் வெளிப்பக்கச் சுவர் மெலிந்தும் இருப்பதும், சுவரில் உள்ள செல்லுலோஸ் நுண்ணிழைகளின் அமைப்பும் சேர்ந்து, விறைப்படையும் செல்லை வெளிப்புறமாக வளையச் செய்கின்றன. அதனால் நடுவில் இடைவெளி உண்டாகிறது. இதை நம் மீளெழுத்தில் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் இதை அறிந்த பின் அந்த வாக்கியத்தை எழுதுபவருக்கு மூலத்தின் சொற்களைப் பிடித்துக்கொள்ள வேண்டிய தேவையே இருக்காது.

## எங்கிருந்து தொடங்குவது

குறிப்பு கையில் வந்ததும் புத்தகத்தை மூடிவிடலாம். இப்போது எடுக்க வேண்டிய முதல் முடிவு, எந்தச் சொல்லை எப்படி மாற்றுவது என்பதன்று. எந்தக் கேள்விக்கு விடையாக இந்தப் பத்தியை எழுதுகிறோம் என்பதே. பாடநூல் ஆசிரியர் நீராவிப்போக்கை அறிமுகப்படுத்த வந்தவர், ஆகவே வரையறையில் தொடங்கி விளைவில் முடித்தார். நாம் எழுதுவது மண்ணின் ஈரம் குறைந்தால் தாவரத்துக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றிய கட்டுரை என்றால், நமக்கு வேண்டியவை அவருடைய கடைசி இரண்டு வாக்கியங்கள். அங்கிருந்து தொடங்கினால் வரிசை தானாகவே வேறாகிறது. வரிசை வேறானதும் வாக்கியங்களை இணைக்கும் முறையும் மாறியே தீரும்.

> இலைத்துளைகளை மூடுவதில் தாவரத்துக்கு ஓர் ஆதாயமும் ஓர் இழப்பும் சேர்ந்தே வருகின்றன. மண்ணின் ஈரம் குறையும் வேளையில் துளைகள் அடைபட்டால், தாவரம் இழக்கும் நீரின் அளவு மட்டுப்படும். அதே வழியாக வர வேண்டிய கார்பன் டை ஆக்சைடுக்கும் தடை ஏற்படுவதால், ஒளிச்சேர்க்கை மெதுவாகும் வாய்ப்பும் உண்டு. வேர் எடுத்துக்கொள்ளும் நீரில் வளர்ச்சிக்குச் செலவாவது மிகக் கொஞ்சமே என்பதையும், மற்றதில் பெரும்பங்கு நீராவிப்போக்காக, அதிலும் முக்கியமாக இத்துளைகள் வழியே, இலையை விட்டுப் போய்விடுகிறது என்பதையும் கருதினால், அந்த ஆதாயம் சிறியதன்று என்பது விளங்கும். துளையை இயக்குபவை அதன் இரு பக்கமும் அமைந்த காப்புச் செல்கள்: உள்ளே நீர் சேர்ந்து விறைப்பு ஏறினால் வழி உண்டாகிறது, நீர் குறைந்து விறைப்பு தளர்ந்தால் அது அடைபடுகிறது. பகலில் திறப்பும் இரவில் மூடலும் பெரும்பாலான தாவரங்களில் காணப்படும் ஒழுங்கு.

காப்புச் செல், இலைத்துளை, நீராவிப்போக்கு, ஒளிச்சேர்க்கை, கார்பன் டை ஆக்சைடு ஆகியவை மூலத்தில் உள்ளபடியே இருக்கின்றன. விறைப்பு என்ற சொல்லும் தங்கிவிட்டது. இவற்றை யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள், ஏனெனில் இவை அந்த ஆசிரியரின் படைப்பு அல்ல. துறையில் அனைவருக்கும் பொதுவான பெயர்கள்.

## இரு திசையிலும் சரிபார்த்தல்

எழுதி முடித்த பிறகே புத்தகத்தை மீண்டும் திறக்க வேண்டும். பொருளைச் சரிபார்ப்பதும் சொல்லைச் சரிபார்ப்பதும் தனித்தனி வேலைகள். இரண்டையும் ஒரே வாசிப்பில் செய்தால் ஒன்று தவறிப்போகும்.

பொருளைச் சரிபார்க்கும்போது முதலில் மூலத்திலிருந்து நம் எழுத்துக்கு வர வேண்டும். மூலத்தின் ஒவ்வொரு செய்தியும் நம்மிடம் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்ப்பது இது. பிறகு திசையை மாற்றி, நம் எழுத்தின் ஒவ்வொரு செய்திக்கும் மூலத்தில் இடம் உண்டா என்று பார்க்க வேண்டும். பலர் முதல் திசையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் நாமறியாமல் சேர்த்தவை இரண்டாம் திசையில்தான் அகப்படும்.

நம் பத்தியை அப்படிப் பார்த்தால் ஓர் இடம் உறுத்துகிறது. "அந்த ஆதாயம் சிறியதன்று என்பது விளங்கும்" என்ற கூற்று மூலத்தில் எங்கும் இல்லை. முதல் வாக்கியத்தின் "ஆதாயமும் இழப்பும்" என்பதற்கு மூலத்தில் "ஆனால்" என்ற சொல் ஆதாரமாக நிற்கிறது. அது மூலத்தின் கருத்தை வெளிப்படையாக்கியது மட்டுமே. ஆதாயத்தின் அளவைப் பற்றிய கூற்று அப்படியன்று, அது நாமாகச் செய்த ஊகம். நியாயமான ஊகமாக இருக்கலாம், ஆனால் பாடநூல் அதைச் சொல்லவில்லை. பத்தியின் இறுதியில் நூலின் பெயரைக் குறிப்பிட்டால் அது சொன்னதாக ஆகிவிடும். ஆகவே அந்தப் பகுதியை வெட்டி, வாக்கியத்தை இப்படி முடிக்கலாம்: "வேர் எடுத்துக்கொள்ளும் நீரில் வளர்ச்சிக்குச் செலவாவது மிகக் கொஞ்சமே; மற்றதில் பெரும்பங்கு நீராவிப்போக்காக, அதிலும் முக்கியமாக இத்துளைகள் வழியே, இலையை விட்டுப் போய்விடுகிறது."

சொல்லைச் சரிபார்ப்பதற்கு, முன்பு சொன்ன கோடு இழுக்கும் சோதனை எளிது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் வரிசை மாறியிருக்கிறது. பிறகு, கலைச்சொற்களை ஒதுக்கிவிட்டு, மூலத்தோடு ஒத்துப்போகும் சொற்றொடர்கள் எவை என்று தேட வேண்டும். தொடர்ந்து இத்தனை சொற்கள் ஒத்திருந்தால் திருட்டு என்று சிலர் ஓர் எண்ணிக்கையைச் சொல்வார்கள். எல்லாரும் ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை அப்படி எதுவும் இல்லை. தமிழில் அத்தகைய கணக்கு இன்னும் பொருளற்றது, ஏனெனில் "மூடிக்கொள்வதால்" என்ற ஒற்றைச் சொல்லே வினை, துணைவினை, காரணம் மூன்றையும் சுமக்கிறது. "திறக்கிறது" என்பதைத் "திறக்கப்படுகிறது" ஆக்கினால் எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் மென்பொருளுக்கு அது வேறு சொல்லாகத் தெரியலாம். மீளெழுத்து எதுவும் அங்கே நடக்கவில்லை. ஒப்புமை காட்டும் மென்பொருளில் சதவீதம் குறைந்துவிட்டது என்பதை வைத்து எழுத்து நம்முடையதாகிவிட்டது என்று முடிவு செய்வதும் இதே காரணத்தால் தவறு. அது ஒத்த சொற்றொடர்களைக் காட்டுகிறது. கருத்து யாருடையது என்பதை அது அறியாது.

சுருங்கச் சொன்னால், பொருளை மூலத்திலிருந்து நமக்கும் நம்மிடமிருந்து மூலத்துக்கும் ஒருமுறை ஒப்பிட வேண்டும். சொல்லையும் வரிசையையும் அதன் பிறகு தனியே ஒப்பிட வேண்டும்.

## மொழிபெயர்த்தால் சொந்த நடையாகிவிடுமா

ஆங்கிலப் பாடநூலைப் படித்துத் தமிழில் எழுதுபவர்களிடம் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. தமிழ் வாக்கியத்தில் ஒரு சொல்கூட மூலத்தோடு ஒத்திருக்க முடியாது என்பதால், திருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்தால், கோடு இழுக்கும் சோதனையில் எல்லாக் கோடுகளும் நேராகவே போகும். அமைப்பு, வரிசை, விளக்கும் முறை யாவும் மூலத்தினுடையவை. அதை மொழிபெயர்ப்பு என்று சொல்லி, மூலத்தையும் குறிப்பிட்டால் தவறில்லை. சொந்த எழுத்து என்று கொடுத்தால் அது திருட்டுத்தான். ஆங்கில நூலுக்கும் மேற்சொன்ன குறிப்பு முறையையே பின்பற்றலாம். குறிப்பை நேரடியாகத் தமிழிலேயே எடுத்துவிட்டால் ஆங்கில வாக்கிய அமைப்பு தமிழுக்குள் நுழைவதும் குறைகிறது.

## மூலத்தை எங்கே குறிப்பிடுவது

ஒரு பத்தி முழுவதும் ஒரே நூலைச் சார்ந்திருக்கும்போது, கடைசி வாக்கியத்தின் முடிவில் மட்டும் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைப் போட்டால், அது எத்தனை வாக்கியங்களுக்குப் பொருந்தும் என்பது வாசகருக்குத் தெரியாது. முதல் வாக்கியத்திலேயே இன்ன நூல் விளக்குவதன்படி என்று தொடங்கி, பத்தியின் இறுதியில் பக்க எண்ணைத் தந்தால் எல்லை இருபுறமும் தெளிவாகிவிடும்.

வரையறை போன்று ஒவ்வொரு சொல்லும் எண்ணி வைக்கப்பட்ட இடங்களில் மீளெழுதவே வேண்டாம். அங்கே நேர் மேற்கோள்தான் பொருத்தம். அதை ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டு, அதற்கான விளக்கத்தை மட்டும் நம் நடையில் தரலாம்.

கூடுதலாக நமக்குத் தெரிந்ததைச் சேர்க்க விரும்பும்போதும் இதே எல்லை உதவுகிறது. காப்புச் செல்லுக்குள் பொட்டாசியம் அயனிகள் புகுவதைத் தொடர்ந்தே நீர் உள்ளே வருகிறது என்பது சரியான செய்தி. ஆனால் நம் மூலப் பத்தியில் அது இல்லை. அதைப் பத்தியின் நடுவில் செருகினால், அந்தப் பாடநூல் சொல்லாத ஒன்றை அதன் பெயரில் ஏற்றியவர்களாவோம். அந்தப் பக்கத்தைத் தேடிப் போகும் வாசகர் அங்கே அதைக் காணமாட்டார். பாடநூலுக்குரிய பக்க எண்ணைக் கொடுத்து அந்தப் பகுதியை முடித்துவிட்டு, அடுத்த வாக்கியத்தில் பொட்டாசியம் பற்றிய செய்தியை எழுதி, அதைப் படித்த நூலை அதற்கு மட்டும் தனியே குறிப்பிட வேண்டும்.